ஹேங்கரில் தொங்கும் சட்டையின் படத்தில் தையல் குறை தெரிந்தால்: அறிகுறி வாரியாகக் காரணம் தேடும் முறை

தைத்து முடித்த சட்டைகளை ஹேங்கரில் மாட்டிப் படம் எடுத்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக் குறை சொல்லும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தொடக்கத்தில் நான் குறை என்று திருப்பி அனுப்பிய சட்டைகளில் ஒரு பகுதியில் குறையே இல்லை. ஹேங்கர் சாய்ந்திருந்தது, அல்லது கேமரா சாய்ந்திருந்தது. அதனால் கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் செலவே இல்லாத காரணத்திலிருந்து தொடங்கி, துணியை மீண்டும் வெட்ட வேண்டிய காரணம் வரை வரிசையாகச் சென்றிருக்கிறேன். எல்லாவற்றிலும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: சட்டையை வேறு ஹேங்கருக்கு மாற்றினால், குறை சட்டையோடு வருகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா?

## ஒப்பிடுவதற்கு முன்: படங்கள் ஒரே மாதிரி எடுக்கப்பட்டவையா?

சட்டைக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்க விடுங்கள். சட்டையின் அருகில், அதே தளத்தில், 30 செ.மீ. அளவுகோல் ஒன்றையும் தொங்க விடுங்கள். கேமரா சட்டையின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவான உயரத்தில், ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். மிக அருகில் நின்று எடுத்தால் படத்தின் ஓரத்தில் விழும் பக்கத் தையல்கள் வெளிப்புறமாக வளைந்து தெரியும். தள்ளி நின்று எடுத்துவிட்டுத் தேவையான பகுதியை வெட்டிக்கொள்வதே நல்லது.

தூக்குநூல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சட்டையின் கீழ் அகலம் 55 செ.மீ. என்று கொள்ளுங்கள். கேமரா ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் படத்தில் ஒரு பக்கத்து ஓரம் மற்றதைவிட ஏறக்குறைய 1 செ.மீ. இறங்கித் தெரியும். ஒரு டிகிரிச் சாய்வைக் கண் பிடிக்காது, ஆனால் 1 செ.மீ. இறங்கிய ஓரத்தைக் கண் உடனே பிடித்துவிடும். தூக்குநூல் படத்தில் செங்குத்தாக வரும்வரை படத்தைத் திருப்பி நேராக்கிய பிறகே எதையும் அளக்க வேண்டும்.

இன்னொன்று, இடது வலது. அணிபவரின் இடது முன்பாகம் படத்தில் வலப்பக்கம் தெரியும். இதை எழுதிக் கொடுக்காமல் “இடது பக்கம் சரியில்லை” என்று மட்டும் சொல்லி அனுப்பியதால், நன்றாக இருந்த பக்கத்தைத் தையற்காரர் பிரித்த கதை எனக்கு உண்டு. இந்தக் கட்டுரையில் இடது, வலது என்று வருவதெல்லாம் அணிபவரின் இடது, வலதுதான்.

## அறிகுறி 1: கீழ் மடிப்பு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித் தெரிகிறது

### சாய்வு முழு ஓரத்திலும் சீராக இருக்கிறதா?

ஓரம் முழுவதும் ஒரே சாய்வில், ஒரு பலகை சரிந்தது போலத் தெரிந்தால் சட்டையைச் சந்தேகிப்பதற்கு முன் மேலே பாருங்கள். ஹேங்கரின் கொக்கி வளைந்திருக்கலாம். சட்டை ஹேங்கரில் நடுவாக உட்காராமல் ஒரு தோள் நழுவியிருக்கலாம். பட்டன் ஒன்று தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னது சிரிப்பாகத் தோன்றினாலும், காலர் பட்டனைத் திறந்துவிட்டு மற்றவற்றை மாட்டும் அவசரத்தில் அடிக்கடி நடப்பதுதான். இரண்டு தோள் முனைகளும் படத்தில் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்தால் இவை மூன்றில் முதல் இரண்டும் உடனே தெரிந்துவிடும்.

தோள்கள் சமமாக இருந்தும் ஓரம் சாய்ந்திருந்தால், சட்டையை வேறொரு ஹேங்கருக்கு மாற்றி மீண்டும் ஒரு படம் எடுங்கள். அதே பக்கம், அதே அளவு இறங்கியிருந்தால் குறை சட்டையுடையது.

### முன்பட்டி அருகில் மட்டும் ஏறியிருக்கிறதா?

இதை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது ஓரத்தின் குறைபோலத் தோன்றும் வேறொரு குறை.

ஒருமுறை வெளிர்நீலப் பாப்ளின் சட்டைகள் பன்னிரண்டின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஐந்து சட்டைகளில் முன்பட்டியின் அடி முனையில் உள்ளே இருக்க வேண்டிய வலது முன்பாகம் இடது முன்பாகத்துக்குக் கீழே ஒரு கோடுபோல எட்டிப் பார்த்தது. படத்தில் 30 செ.மீ. அளவுகோல் 600 பிக்சல் நீளம் இருந்தது. ஆகவே 1 செ.மீ.க்கு 20 பிக்சல். எட்டிப் பார்த்த பகுதி 16 பிக்சல், அதாவது 8 மி.மீ. பக்கத் தையலின் அருகே இரண்டு பக்கமும் சமமாகவே இருந்தன.

முதலில் ஓரம் மடித்தவர்மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஆனால் மடிப்பின் அகலத்தை அளவுகோல் வைத்து அளந்ததில், எல்லாச் சட்டைகளிலும் ஒரே சீராக 7 மி.மீ. இருந்தது. மடிப்பு சரியாக இருந்தும் ஓரம் ஏறியிருந்தால், மடிப்பதற்கு முன்பே அந்த முன்பாகம் நீளத்தில் குறைந்திருக்க வேண்டும். வெட்டும்போது குறைந்திருந்தால் ஒரே அடுக்கில் வெட்டப்பட்ட பன்னிரண்டிலும் குறைந்திருக்கும். ஐந்தில் மட்டும் குறைந்ததால், வெட்டியதற்கும் மடித்ததற்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. இடையில் நடப்பது பட்டி வைத்துத் தைப்பது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதே ஐந்து சட்டைகளில் மூன்றாம் பட்டனுக்கும் ஐந்தாம் பட்டனுக்கும் நடுவில் பட்டித் தையலை ஒட்டி மெல்லிய சாய்ந்த அலைகள் இருந்தன. ஓரத்தின் குறை என்று தொடங்கியது சுருக்கத்தில் வந்து முடிந்தது. அதன் தொடர்ச்சியை அடுத்த அறிகுறியில் பார்க்கலாம்.

### பக்கத் தையலின் அருகில் ஏறுகிறதா?

முன்பாகமும் பின்பாகமும் பக்கத் தையலில் சந்திக்கும் இடத்தில் ஒரு படிபோலத் தெரிந்தால், அக்குளிலிருந்து தைத்து வந்தபோது ஒரு துணி மற்றதைவிட முன்னே ஓடியிருக்கிறது. மிஞ்சியதை வெட்டிச் சமப்படுத்தாமல் மடித்தால் படி தெரியும். வெட்டிச் சமப்படுத்தியிருந்தால் படி மறைந்து, அந்தப் பக்கம் முழுவதும் குட்டையாகும். அந்தச் சட்டையை மட்டும் பார்க்கும்போது இரண்டாவது கண்ணில் படாது. இடப்பக்கப் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, வலப்பக்கத்தின் மேல் பாதி ஒளி ஊடுருவும்படி வைத்துப் பார்த்தால் இரண்டு வளைவுகளுக்கும் இடையே பிறை வடிவத்தில் ஓர் இடைவெளி தெரியும். பட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் சட்டையின் நடுப்பகுதி இயல்பாகவே பொருந்தாது. அதை விட்டுவிட்டுப் பக்கங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

### வளைவில் மடிப்பு முறுக்கிக்கொள்கிறதா?

ஓரம் இறங்கவோ ஏறவோ இல்லை, ஆனால் மடிப்பில் கயிறு முறுக்கியது போலச் சாய்ந்த கோடுகள் ஓடுகின்றன என்றால், மடித்த துணியின் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்திருக்கின்றன. வளைவான பகுதியில் துணி கிராஸாக வருவதால் அங்கேதான் இது அதிகம். முதலில் நன்றாக அயர்ன் செய்து பாருங்கள், அடங்கினால் விட்டுவிடலாம். அடங்காவிட்டால் அந்த வளைவைப் பிரித்து, மடிப்பைக் குறுகலாக்கித் தைக்க வேண்டும். அகல மடிப்பு வளைவில் எப்போதுமே முரண்டு பிடிக்கும்.

## அறிகுறி 2: தையலை ஒட்டிச் சுருக்கம் தெரிகிறது

### விளக்கை மாற்றினால் மறைகிறதா?

சாளரத்தின் அருகே பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத அலைகூட நிழல் விழுந்து பெரிதாகத் தெரியும். நேர் எதிர் வெளிச்சத்திலோ உண்மையான சுருக்கமும் மறைந்துவிடும். ஆகவே ஒரு சட்டையைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் படமெடுத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. தையலின் வழவழப்பை மதிப்பிட ஏ.ஏ.டி.சி.சி. 88பி, ஐ.எஸ்.ஓ. 7770 என்னும் தர முறைகள் இருக்கின்றன. அவற்றில் துவைத்த தையலை 1 முதல் 5 வரை தரமிட்ட மாதிரிப் படங்களோடு ஒப்பிடுகிறார்கள், அதற்கு விளக்கு இருக்கும் இடமே வரையறுக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலும் சிறிய தையலகத்திலும் அந்த ஏற்பாடு தேவையில்லை. ஒரே விளக்கு, ஒரே இடம் என்பது மட்டும் போதும். நான் விளக்கை மேலே, சற்று முன்னால் வைத்து ஒரு படமும், பக்கத்தில் வைத்து ஒரு படமும் எடுப்பேன். இரண்டிலும் தெரிவதையே சுருக்கம் என்று குறித்துக்கொள்வேன்.

நுண்ணிய கோடும் கட்டமும் போட்ட துணியில் ஒரு போலிச் சுருக்கம் வரும். படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது அலைபோலத் தெரிவது, முழு அளவில் பெரிதாக்கினால் காணாமல் போகும். அது திரையின் விளையாட்டு.

மெல்லிய கம்பி ஹேங்கரில் தோள் முனை குத்தி நின்று, அங்கிருந்து அக்குளை நோக்கி இழுப்புக் கோடுகள் இறங்குவதையும் சட்டைக் கை இணைத்த தையலின் சுருக்கம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அகலத் தோள் கொண்ட ஹேங்கரில் மாட்டினால் அது போய்விடும்.

### சுருக்கம் தையலின் இருபுறமும் சமமாக இருக்கிறதா?

இருபுறமும் சிறுசிறு அலைகள் சீராக, நூலை இழுத்து விட்டதுபோல இருந்தால் நூலின் இழுவிசை கூடுதல் என்று தொடங்கலாம். மேல் நூலின் டென்ஷனைக் குறைப்பதற்கு முன் பாபினைப் பாருங்கள். பாபின் கேஸ் இறுக்கமாக இருந்தால் தையற்காரர் மேல் நூலையும் அதற்கு ஈடாக இறுக்கியிருப்பார், தையல் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் துணி சுருங்கும். பாபின் கேஸை நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதறினால் சில சென்டிமீட்டர் வழுக்கி இறங்கி நிற்க வேண்டும். அசையாமல் தொங்கினால் இறுக்கம்; தரைவரை ஓடினால் தளர்வு.

டென்ஷன் சரியாக இருந்தும் சுருக்கம் போகாவிட்டால் ஊசியை மாற்றுங்கள். நெருக்கமாக நெய்த பாப்ளினில் 90 எண் ஊசி ஒவ்வொரு குத்திலும் இழைகளைத் தள்ளி இடம் பிடிக்கிறது. தள்ளப்பட்ட இழைகளுக்குப் போக இடமில்லாமல் துணி எழும்புகிறது. 65 அல்லது 70 எண் கூர் ஊசியும் மெல்லிய நூலும் போட்டால் பெரும்பாலும் அடங்கும். தையலின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைப்பதும் இதற்கு உதவும்.

### ஒரு புறம் மட்டும் இருக்கிறதா?

நான் மேலே சொன்ன ஐந்து சட்டைகளில் அலைகள் உடல் துணியின் பக்கம் மட்டும் இருந்தன, பட்டி தட்டையாகக் கிடந்தது. மேலே வைத்த பட்டிக்கும் கீழே கிடந்த உடலுக்கும் நீளத்தில் வேறுபாடு என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பட்டிக்குள் கேன்வாஸ் ஒட்டியிருப்பதால் அது விறைப்பாக இருக்கும். வெறும் டென்ஷன் குறையாக இருந்தாலும் மெல்லிய பக்கமே சுருங்கிக் காட்டும். படம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இதற்கு மேல் சட்டையைக் கையில் எடுத்து, கழித்துவிடத் தயாராக இருக்கும் ஒன்றில் தையலை வெட்டிப் பார்க்க வேண்டும்.

செய்முறை இது. சுருக்கமுள்ள இடத்தில் 20 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துணியிலும் ஊசியால் குறி வையுங்கள். அந்தப் பகுதியில் 2 செ.மீ. இடைவெளியில் நூலை மட்டும் வெட்டுங்கள், உருவ வேண்டாம். வெட்டியவுடனே அலைகள் தளர்ந்து படுத்தால் டென்ஷன். வெட்டியும் அப்படியே நின்றால் நூலை முழுவதும் உருவி, இரண்டு துணியையும் பிரித்துத் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் என்றால் இழை நெருக்கம். ஊசியையும் நூலையும் மாற்ற வேண்டியதுதான். நீளம் வேறுபட்டால், ஒரு துணி மற்றதைவிட அதிகமாக ஊட்டப்பட்டிருக்கிறது.

அன்று வெட்டிப் பார்த்ததில் அலைகள் அசையவில்லை. உருவி அளந்தபோது பட்டி 20 செ.மீ. இருந்தது, உடல் துணி 20.25 செ.மீ. இருந்தது. மெஷினின் பல் கீழ்த் துணியை முன்னே தள்ள, மேல்துணியை அழுத்துக் கால் பிடித்து நிறுத்தியிருக்கிறது. 20 செ.மீ.க்கு 2.5 மி.மீ. என்றால், 70 செ.மீ. நீளப் பட்டியில் ஏறக்குறைய 9 மி.மீ. பட்டி மிஞ்சும், மிஞ்சியதைத் தையற்காரர் அடியில் வெட்டிவிட்டு ஓரம் மடித்திருக்கிறார். படத்தில் நான் அளந்த 8 மி.மீ. ஏற்றம் அங்கிருந்து வந்தது. ஐந்து சட்டைகளும் ஒரே மெஷினில் பட்டி தைக்கப்பட்டவை என்பது விசாரித்தபோது தெரிந்தது.

சரிசெய்ய முதலில் அழுத்துக் காலின் அழுத்தத்தைக் குறைத்தோம். அதே பாப்ளினில் 40 செ.மீ. துண்டுகள் இரண்டை வெட்டி, தலைப்பைச் சமமாக வைத்து, கையால் இழுக்காமல் தைத்துக் கடைசியில் மேல்துணி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தோம். முன்பு 5 மி.மீ. மிஞ்சியது; அழுத்தம் குறைத்த பிறகு 1 மி.மீ. அதுவும் வேண்டாம் என்றால் பட்டியிலும் உடலிலும் 15 செ.மீ.க்கு ஒரு குறி வைத்து, குறியோடு குறி சேர்த்துத் தைக்கலாம். தைத்து முடித்த ஐந்து சட்டைகளில் மூன்றை மட்டுமே பட்டி பிரித்துத் திருத்த முடிந்தது. மற்ற இரண்டில் பட்டன் துளை போட்டாகிவிட்டிருந்தது. துளை போட்ட பட்டியைப் பிரித்து நகர்த்தினால் துளைகள் பட்டனுக்கு நேராக வராது.

### துவைத்த பிறகுதான் தெரிகிறதா?

துவைப்பதற்கு முன் எடுத்த படத்தில் இல்லாமல் பின் எடுத்த படத்தில் சுருக்கம் தெரிந்தால் மெஷினைத் தொட வேண்டாம். பட்டி தட்டையாகவும் உடல் அலையாகவும் இருந்தால் கேன்வாஸ் சுருங்கியிருக்கிறது. பட்டியே நெளிந்து குமிழ் விட்டிருந்தால் உடல் துணி சுருங்கியிருக்கிறது, அல்லது கேன்வாஸ் ஒட்டு விட்டிருக்கிறது. எல்லாத் தையலிலும் சமமாக இருந்தால் நூல் சுருங்கியிருக்கலாம். கேன்வாஸிலும் துணியிலும் 50 செ.மீ. சதுரம் வெட்டித் துவைத்து, காய்ந்தபின் அளந்தால் பதில் கிடைக்கும். தைத்த சட்டைக்கு இதில் மருந்தில்லை. அடுத்த கட்டுத் துணியை வெட்டுவதற்கு முன்பே நனைத்துச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 3: தையல் கோணலாகத் தெரிகிறது

தூக்குநூலோடு ஒப்பிட்ட பிறகும் கோணலாக இருந்தால், அது இரண்டு வகை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் யாரையும் குறை சொல்ல முடியாது.

### தையல் கோடு பாம்புபோல நெளிகிறதா?

இது பெரும்பாலும் கை. துணியைப் பின்னாலிருந்து இழுப்பது, நிறுத்தி நிறுத்தித் தைப்பது, ஓரத்துக்கு வழிகாட்டி வைக்காதது. நெளிவு ஒவ்வொரு சட்டையிலும் வேறு வேறு இடத்தில் இருந்தால் கை என்றே கொள்ளலாம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, நேராக விட்டாலும் ஒரே பக்கம் ஒதுங்கினால் ஊசி வளைந்திருக்கிறதா, அழுத்துக் கால் ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். காகிதத்தில் கோடு போட்டு, நூலில்லாமல், கையை எடுத்துவிட்டுத் தைத்தால் மெஷின் தானாக எந்தப் பக்கம் போகிறது என்பது துளைகளிலேயே தெரியும்.

### தையல் நேராக இருந்தும் பக்கத் தையல் முன்னால் திரும்புகிறதா?

தையல் நன்றாக இருக்கும். ஆனால் பக்கத் தையல் கீழே வரவர வயிற்றை நோக்கியோ முதுகை நோக்கியோ ஓடும். முன்பாகத்தை நேர் இழையில் வைத்து வெட்டாததே முதல் சந்தேகம். கோடு போட்ட துணியாக இருந்தால் படத்திலேயே கோடு தூக்குநூலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். வெறும் துணியில் ஓரத்துக்குள் மறைந்திருக்கும் இடத்திலிருந்து ஓர் இழையை உருவி அதன் போக்கைப் பார்க்க வேண்டும். இழையின்படி வெட்டியிருந்தும் துவைத்தபின் திரும்பினால் துணியே முறுகிய துணி. டுவில் நெசவிலும் பின்னல் துணியிலும் இது வரும், பிரித்துத் தைத்தாலும் மறுபடி திரும்பும். அத்தகைய சட்டைகளில் செலவழிப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

## எப்போது மெக்கானிக், எப்போது கட்டிங் மாஸ்டர்?

டென்ஷன், ஊசி, அழுத்தம் மூன்றையும் மாற்றிய பிறகும் 40 செ.மீ. சோதனைத் துண்டில் மேல்துணி 3 மி.மீ.க்கு மேல் மிஞ்சினால் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் உயரம் தவறியிருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தாலும், ஊசித் தகட்டின் துளையில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தாலும் அப்படியே. கூப்பிடும்போது படத்தோடு, தைத்த சோதனைத் துண்டையும் பிரிக்காமல் வைத்திருங்கள். சட்டையின் படத்தை மட்டும் காட்டினால் அவர் டென்ஷனைத் திருகிவிட்டுப் போய்விடுவார்.

ஒரே கட்டில் வெட்டிய எல்லாச் சட்டைகளிலும், எந்த மெஷினில் தைத்திருந்தாலும், குறை ஒரே பக்கம் ஒரே அளவில் இருந்தால் மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி வீண். எஞ்சியிருக்கும் வெட்டுத் துண்டு ஒன்றைப் பேட்டர்ன் மீது விரித்து வைத்து, கட்டிங் மாஸ்டரோடு நின்று பாருங்கள்.